மூன்று சிகரெட்டின் பொய்க் கணக்கு

சென்ற மாதம் ஒரு இதழில் வந்த கட்டுரை, நாளைக்கு மூன்று சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒரு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறது. அதன் ஆசிரியர் ஒரு காலத்தில் இருபது பிடித்தவராம். இப்போது மூன்றில் நிற்கிறாராம். காலையில் டீயோடு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இரவு படுக்கப் போகும் முன் ஒன்று. “இருபதிலிருந்து மூன்றுக்கு வந்தவனுக்கு ஆபத்தும் அதே கணக்கில் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? பிறகு ஏன் டாக்டர்கள் என்னையும் இருபது பிடிக்கிறவனையும் ஒரே தட்டில் வைத்து மிரட்டுகிறார்கள்?” என்பது அவர் கேள்வி. இந்தக் கேள்விக்கு அவரே நான்கு விதமாகப் பதிலும் சொல்லிக்கொள்கிறார். அளவு குறைந்தால் தீங்கும் அந்த அளவே குறையும். ஒரு சிகரெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும். நகரத்துக் காற்றே புகைதான், அதில் மூன்று சிகரெட் ஒரு பொருட்டல்ல. கடைசியாக, அவருடைய தாத்தா எண்பத்தைந்து வயது வரை பீடி பிடித்தார்.

நான் இதய மருத்துவன். இந்த நான்கில் ஒன்றுகூட நிற்காது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கருத்து வேறுபாடு என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை இது. நம் ஊரில் புகைக்கிறவர்களில் பெரும்பாலோர் பாக்கெட் பாக்கெட்டாக ஊதுகிறவர்கள் அல்ல. பெட்டிக்கடையில் ஒன்று இரண்டாகச் சில்லறையில் வாங்குகிறவர்கள். “நான் என்ன செயின் ஸ்மோக்கரா?” என்று வீட்டில் கேட்கிறவர்கள். விட்டுவிடலாமா என்று பாதி மனதோடு இருக்கும் அவர்களுடைய கையில்தான் இந்தக் கட்டுரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்களுடைய தயக்கத்துக்கு அது ஒரு நியாயம் கற்பித்துக் கொடுத்திருக்கிறது. அந்த நியாயம் பொய்.

முதல் வாதம்: அளவு குறைந்தால் ஆபத்தும் அந்த அளவே குறையும்

கட்டுரையாளர் எங்கே வழுக்கினார் என்பது எனக்குப் புரிகிறது. புகை என்றதும் நம் நினைவுக்கு வருவது நுரையீரல் புற்றுநோய். அங்கே அவர் சொல்கிற கணக்கு ஓரளவு பொருந்தும். எத்தனை வருடம், நாளைக்கு எத்தனை என்று கூடக் கூட, அந்த நோயின் வாய்ப்பும் ஏறக்குறைய அதே போக்கில் ஏறுகிறது. அந்தக் கணக்கை அப்படியே தூக்கி இதயத்தின் மேல் வைத்துவிட்டார். இதயமும் ரத்தக் குழாய்களும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. இதை அவர் விசாரித்துப் பார்க்கவே இல்லை.

விசாரித்தவர்கள் இருக்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆலன் ஹாக்‌ஷாவும் அவருடைய சகாக்களும் 1946 முதல் 2015 வரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டினார்கள். மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த 141 ஆய்வுகள் அவர்களுக்குக் கிடைத்தன. அவற்றை ஒன்றாக்கி அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிக்கிறவருக்கு இதய நோயும் பக்கவாதமும் எவ்வளவு கூடுகிறது? விடை 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது.

அதைக் கட்டுரையாளரின் முறையிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். புகைக்காத ஆண்களில் ஒரு பெரிய கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட காலத்தில் அவர்களில் 100 பேருக்கு இதயக் குழாய் நோய் வருகிறது என்று வைப்போம். அதே அளவுள்ள, நாளைக்கு இருபது சிகரெட் பிடிக்கிற இன்னொரு கூட்டத்தில் அது 204 பேருக்கு வரும். அதாவது 104 பேர் கூடுதல். கட்டுரையாளரின் கணக்குப்படி, ஒரு சிகரெட் என்பது இருபதில் ஒரு பங்கு. ஆகவே கூடுதலும் 104-இல் இருபதில் ஒரு பங்கு, சுமார் 5 பேர் என்று இருக்க வேண்டும். ஒரு சிகரெட் பிடிக்கிற கூட்டத்தில் 105 பேருக்குத்தான் நோய் வர வேண்டும்.

ஆய்வில் வந்த எண் 148.

ஐந்து பேர் கூடியிருக்க வேண்டிய இடத்தில் 48 பேர் கூடியிருக்கிறார்கள். இருபது சிகரெட் கொடுக்கிற கூடுதல் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதியை முதல் சிகரெட்டே கொடுத்து முடித்துவிடுகிறது. பெண்களில் 100 என்பது ஒரு சிகரெட்டுக்கு 157 ஆகவும், இருபதுக்கு 284 ஆகவும் ஏறியது. அங்கே ஒன்பது பேர் கூடியிருந்தால் கட்டுரையாளரின் கணக்கு ஜெயித்திருக்கும். கூடியவர்கள் 57 பேர். பக்கவாதத்திலும் இதே கதைதான்: ஆண்களில் ஒரு சிகரெட்டுக்கு 100 என்பது 125 ஆனது, இருபதுக்கு 164 ஆனது.

இப்போது அவருடைய மூன்றுக்கு வருவோம். அவர் கணக்குப்படி மூன்று சிகரெட்டுக்கு 116 பேருக்கு நோய் வர வேண்டும். ஒரு சிகரெட்டுக்கே 148 என்று ஆன பிறகு, மூன்றுக்கு 116 எப்படி வரும்? இந்தக் கேள்விக்கு அவருடைய கட்டுரையில் பதில் இல்லை. ஏனென்றால் அந்த எண்களை அவர் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே வாசகருக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். “புகைக்கிறவர்கள் எண்ணெய்ப் பலகாரமும் சாப்பிடுவார்கள், சிலர் குடிப்பார்கள், ரத்தக் கொதிப்பு இருக்கும். அதையெல்லாம் சேர்த்து சிகரெட்டின் தலையில் கட்டிவிட்டார்களா?” நியாயமான கேள்வி. அதனால்தான் அந்த ஆய்வாளர்கள், பிற காரணங்களைக் கழித்துக் கணக்கிட்ட முடிவுகளைத் தனியாகவும் எடுத்துப் பார்த்தார்கள். மிகைப்படுத்தல் இருந்தால் அங்கே எண் இறங்கியிருக்க வேண்டும். ஏறியது. ஒரு சிகரெட் பிடிக்கிற ஆண்களுக்கு 148 என்பது 174 ஆனது. பெண்களுக்கு 157 என்பது 219 ஆனது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் வலுவானது. இந்த எண்கள் எல்லாம் மக்கள் வாயால் சொன்ன கணக்கை நம்பி எடுத்தவை. ஒன்று என்று சொன்னவர் உண்மையில் மூன்று பிடித்திருக்கலாம். ஆமாம், இருக்கலாம். ஆனால் இந்த மறுப்பு கட்டுரையாளருக்கு உதவாது. ‘நாளைக்கு மூன்று’ என்பதும் அவர் வாயால் சொன்ன கணக்குதான். ஆய்வில் இருந்தவர்களும் அவரைப் போலவே சொன்னவர்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் அந்த எண்கள் காட்டுகின்றன.

இரண்டாம் வாதம்: நடுவே உடம்பு சரிசெய்துகொள்ளும்

எண்களை விடுங்கள், காரணத்தைப் பார்ப்போம். ஒரு சிகரெட் எப்படி இவ்வளவு செய்யும்?

நம் ரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஒரே ஒரு அடுக்கு உயிரணுக்கள் போர்த்தியிருக்கின்றன. எண்டோதீலியம் என்று பெயர். ரத்தம் வேகமாக ஓட வேண்டிய நேரத்தில் இந்த அடுக்கு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயை விரியச் செய்கிறது. ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் அதே வாயுதான். சிகரெட்டை ஒரு முறை இழுத்தால் உள்ளே போகிற புகையில் கணக்கிட முடியாத அளவுக்கு நிலையற்ற வேதித்துகள்கள் இருக்கின்றன. அவை இந்த வாயுவை அழிக்கின்றன. குழாய் விரிய மறுக்கிறது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தயாராகின்றன.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. முழங்கைக்குக் கீழே ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றி இறுக்கி, ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி வைப்போம். முழங்கைக்கு மேலே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தால் கையின் முக்கியத் தமனி திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். பட்டையைத் தளர்த்தியதும் கைக்குள் ரத்தம் பாய்கிறது. ஆரோக்கியமான குழாயாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் அந்த இரண்டு கோடுகளும் விலகுவதைத் திரையிலேயே அளந்துவிடலாம். புகைக்கிறவரின் குழாயில் அந்த விலகல் மிகவும் சொற்பம். அவருக்கு நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ எதுவும் இல்லாவிட்டாலும் இப்படித்தான்.

அமெரிக்காவில் ராஜத் பருவாவும் சகாக்களும் இந்தச் சோதனையை மூன்று குழுக்களிடம் செய்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். புகைக்காதவர்கள் ஒரு குழு. நாளைக்கு ஒரு பாக்கெட் அல்லது அதற்கு மேல் பிடிக்கிறவர்கள் ஒரு குழு. வாரத்துக்கே ஒரு பாக்கெட்டுக்கும் குறைவாகப் பிடிக்கிறவர்கள் மூன்றாவது குழு. அங்கே பாக்கெட்டுக்கு இருபது. ஆக, இந்த மூன்றாவது குழுவினர் நாளைக்கு மூன்றுக்கும் குறைவாகப் பிடித்தவர்கள், நம் கட்டுரையாளரை விடவும் கட்டுப்பாடானவர்கள். அவர்களுடைய தமனி எவ்வளவு விரிந்தது? நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுகிறவர்களின் தமனி எவ்வளவு விரிந்ததோ ஏறக்குறைய அவ்வளவே. ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. மூன்று குழுவினரின் ரத்தத்திலிருந்தும் சீரத்தைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் வளர்த்த எண்டோதீலிய உயிரணுக்களின் மேல் விட்டார்கள். குறைவாகப் பிடிக்கிறவர்களின் சீரமும் அதிகமாகப் பிடிக்கிறவர்களின் சீரமும் அந்த உயிரணுக்களின் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியை ஒரே மாதிரி கெடுத்தன.

ஒரு குடம் பாலைத் தயிராக்க ஒரு கரண்டி உறைமோர் போதும். இருபது கரண்டி விட்டால் இருபது மடங்கு உறையப் போவதில்லை. ரத்தக் குழாயின் உட்சுவரிலும் தட்டணுக்களிலும் புகை நடத்துகிற மாற்றம் இந்த வகையைச் சேர்ந்தது. மிகக் குறைந்த அளவிலேயே அது ஏறக்குறைய முழுமையாகிவிடுகிறது. அதன்பின் ஏறுகிற ஒவ்வொரு சிகரெட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்கிறது.

நடுவே உடம்பு சரிசெய்துகொள்ளாதா? உடம்பு சரிசெய்யும், நேரம் கொடுத்தால். புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறினால் அதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். காலை டீ, மதியச் சாப்பாடு, இரவுப் படுக்கை என்று மூன்று வேளையும் மருந்து மாதிரி பிரித்துக் கொடுத்தால், அந்தச் சுவருக்கு விடுப்பு எங்கே கிடைக்கிறது? கட்டுரையாளர் தன் கட்டுப்பாட்டுக்குச் சான்றாகக் காட்டுகிற அந்த நேர அட்டவணைதான், விழித்திருக்கிற நேரம் முழுவதும் ரத்தக் குழாய் தேறிவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

இது எப்படி மாரடைப்பாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பதைத் தாண்டிய பலருக்கு இதயத் தமனியில் ஆங்காங்கே கொழுப்புப் படிவு இருக்கும். வழியில் முப்பது நாற்பது சதவீதத்தை அது அடைத்திருந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. மாடிப்படி ஏறுவார், டிரெட்மில் சோதனையில்கூட நன்றாக ஓடிக் காட்டுவார். பல மாரடைப்புகள் அந்தப் படிவு மெல்ல மெல்ல வளர்ந்து குழாயை மூடுவதால் வருவதில்லை. படிவின் மேல்தோல் ஒரு நாள் கிழிகிறது அல்லது தேய்ந்து போகிறது. அந்த இடத்தில் தட்டணுக்கள் கூடி, சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அந்த நேரத்தில் தட்டணுக்கள் எவ்வளவு ஒட்டும் தன்மையோடு இருக்கின்றன, குழாய் விரிகிறதா சுருங்குகிறதா என்பதுதான் ஆளைப் பிழைக்கவோ சாகவோ வைக்கிறது. இந்த இரண்டையும் தவறான பக்கம் தள்ளிவைப்பது, காலை டீயோடு பிடிக்கிற அந்த ஒரு சிகரெட்.

கேத் லேபில் இதைக் கிட்டத்தில் பார்க்கிறோம். விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த, நாற்பத்து சொச்சம் வயது மனிதர் ஒருவரைச் சொல்கிறேன். சர்க்கரை இல்லை, கொலஸ்ட்ரால் பெரிதாக இல்லை. மணிக்கட்டின் வழியாகக் கம்பியை விட்டு, சாயத்தைச் செலுத்தினால், இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனி பாதி வழியில் அறுந்தது போல் நிற்கிறது. அதற்கு அப்பால் திரையில் எதுவும் இல்லை. உறைகட்டியை உறிஞ்சி எடுத்துத் துணியில் தட்டினால், விரல் நகம் அளவுக்குக் கருஞ்சிவப்பாக விழுகிறது. மறுபடி சாயம் விட்டுப் பார்க்கும்போது அடியில் இருக்கிற பழைய படிவு பாதி வழியைக்கூட மறைக்கவில்லை. உயிரை எடுக்க வந்தது அந்தப் படிவு இல்லை, மேலே சேர்ந்த உறைகட்டி. மேஜையில் படுத்தபடியே அவர் சொன்னார்: “சார், நான் தினம் மூணே மூணுதான் சார் பிடிப்பேன்.”

ஒரு நோயாளியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதனால்தான் 141 ஆய்வுகளை முதலில் சொல்லிவிட்டு, இவரைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அந்த ஆய்வுகளில் எண்ணாக வருகிறவர் இப்படித்தான் இருப்பார் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாம் வாதம்: காற்றே புகை, இதில் மூன்று சிகரெட் என்ன?

கட்டுரையாளர் தன்னையறியாமல் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லியிருக்கிற இடம் இது. நகரத்துக் காற்று இதயத்தைக் கெடுக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். நல்லது. ஒரு நாள் முழுவதும் நகரத்துக் காற்றைச் சுவாசிக்கிறவரின் நுரையீரலுக்குள் போகிற நுண்துகள், ஒரு சிகரெட்டை முழுதாக இழுக்கிறவருக்குள் போவதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். அந்தச் சொற்பமே இதய மரணங்களைக் கூட்டுகிறது என்றால், மிகக் குறைந்த அளவுக்கே இதயம் பதில் சொல்கிறது என்றுதானே பொருள்? ‘அளவு குறைந்தால் தீங்கும் அந்த அளவே குறையும்’ என்ற தன் முதல் வாதத்தை மூன்றாம் வாதத்தில் அவரே தகர்த்துவிட்டார்.

இந்த ஒப்பீட்டை முறையாகச் செய்தவர் ஆர்டன் போப் என்ற அமெரிக்க ஆய்வாளர். காற்று மாசு, அடுத்தவர் விடுகிற புகை, நேரடியாகப் பிடிக்கிற சிகரெட் மூன்றையும் உள்ளே போகிற நுண்துகளின் அளவை வைத்து அவருடைய குழு ஒரே வரைபடத்தில் கோத்துப் பார்த்தது. 2009-இல் வெளியான அந்த வரைபடத்தில், இதய மரணத்தின் ஆபத்து தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறுகிறது. பிறகு சாய்வு குறைந்து படுக்கிறது. காற்று மாசும் அடுத்தவர் புகையும் நாளைக்குச் சில சிகரெட்டும் உட்கார்ந்திருப்பது அந்தச் செங்குத்தான பகுதியில்தான்.

அடுத்தவர் புகையையே எடுத்துக்கொள்ளுங்கள். தன் வாழ்நாளில் ஒரு சிகரெட்டையும் தொடாத மனைவி, புகைக்கிற கணவனோடு ஒரே வீட்டில் இருப்பதால் உள்ளிழுக்கிற புகை, நாளைக்கு ஒரு சிகரெட்டை விடக் குறைவு. அதற்கே இதய நோயின் ஆபத்து 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றும் அதே அறிக்கை முடிவு சொன்னது. ஜப்பானின் ஒசாகாவில் புகைக்காத இளைஞர்களைப் புகை நிறைந்த அறையில் முப்பது நிமிடம் உட்கார வைத்து, அவர்களுடைய இதயத் தமனியில் ரத்த ஓட்டம் தேவைக்கேற்ப எவ்வளவு கூடுகிறது என்று அளந்தார்கள். அரை மணி நேரத்தில் அந்தத் திறன் புகைக்கிறவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டது. மூன்று சிகரெட்டைத் தன் சொந்த விஷயம் என்று எழுதுகிற கட்டுரையாளர், இரவு படுக்கப் போகும் முன் பிடிக்கிற அந்த மூன்றாவதை எந்த அறையில் பிடிக்கிறார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

“நான் குறைத்துவிட்டேனே?”

கட்டுரை முழுவதும் ஓடுகிற பெருமிதம் இதுதான்: இருபதிலிருந்து மூன்றுக்கு வந்த சாதனை. அந்த முயற்சியை நான் குறைத்து மதிக்கவில்லை. இருபதை மூன்றாக்கியவருக்கு விட்டுவிடவும் முடியும் என்பதை அது காட்டுகிறது. ஆனால் அதையே முடிவான இடம் என்று அவர் அறிவிப்பது தவறு.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள், 1976 முதல் 1998 வரை மக்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். நாளைக்குப் பதினைந்துக்கு மேல் பிடித்துவந்து, பிறகு அதைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தவர்களுக்கு மாரடைப்பு குறைந்ததா? குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. அடியோடு விட்டவர்களுக்குக் குறைந்தது, 29 சதவீதம். நார்வேயில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்விலும், பாதிக்கு மேல் குறைத்த கடும் புகையாளர்களுக்கு மரண ஆபத்தில் தெளிவான குறைவு எதுவும் கிடைக்கவில்லை.

இதற்கு இரண்டு காரணம். ஒன்று, மேலே சொன்ன வரைபடம்: சாய்வு குறைந்த பகுதியில் எவ்வளவு இறங்கி வந்தாலும் உயரம் அதிகம் குறையாது, செங்குத்தான பகுதியை முழுதாக இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தால்தான் குறையும். இரண்டு, பிடிக்கிற விதம். எண்ணிக்கையைக் குறைத்தவரை டீக்கடை வாசலில் கவனித்துப் பாருங்கள். பல மணி நேரம் காத்திருந்து கிடைத்த சிகரெட். ஒவ்வொரு இழுப்பையும் நீட்டி, புகையை நெஞ்சில் நிறுத்தி, பஞ்சு சுடும் வரை இழுத்துவிட்டுத்தான் போடுகிறார். பாக்கெட் வைத்திருக்கிறவர் பாதியில் காலடியில் நசுக்கிவிட்டு அடுத்ததைப் பற்றவைக்கிறார். உடம்பு தனக்குப் பழகிய நிகோட்டினைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதோடு கூடவே மற்ற நஞ்சும் வருகிறது. எண்ணிக்கையில் மூன்று என்பது உள்ளே போன புகையில் மூன்றாக இருப்பதில்லை.

முதலிலிருந்தே குறைவாகப் பிடித்தவர்களின் நிலையும் சொல்ல வேண்டும். நார்வேயில் எழுபதுகளின் நடுவில் 35 முதல் 49 வயதுக்குள் இருந்த 42,722 பேரைப் பரிசோதித்து, 2002 வரை பின்தொடர்ந்தார்கள். நாளைக்கு ஒன்று முதல் நான்கு சிகரெட் மட்டுமே பிடித்தவர்கள் இதயத் தமனி நோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. ஆண்களில் 2.74 மடங்கு, பெண்களில் 2.94 மடங்கு. கட்டுரையாளர் தனக்குத் தானே ஒதுக்கிக்கொண்ட பாதுகாப்பான இடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்.

நம் நாட்டிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பிரபாத் ஜாவின் தலைமையில் இந்தியா முழுவதும் வீடு வீடாகச் சென்று மரணங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், நாளைக்கு ஒன்று முதல் ஏழு சிகரெட் வரை மட்டுமே பிடித்த ஆண்களுக்கு மரண ஆபத்து கிட்டத்தட்ட இரு மடங்காக இருந்தது. அதே எண்ணிக்கையில் பீடி பிடித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. அதற்கு முன் 2003-இல், வேந்தன் கஜலட்சுமியும் சகாக்களும் சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த 43,000 ஆண்களின் புகைப் பழக்கத்தை ஆராய்ந்தார்கள். சென்னையில் புகையால் கூடுதலாக நேர்ந்த சாவுகளில் மூன்றில் ஒரு பங்கு இதய, ரத்தக் குழாய் நோய்களால் நேர்ந்தவை.

தாத்தாவின் பீடிக்கு இதுவே பதில். எண்பத்தைந்து வரை இருந்த தாத்தாவைப் பற்றிப் பேரன் கட்டுரை எழுதுகிறார். ஐம்பதில் போன தாத்தாவுக்குப் பீடியைப் புகழ்ந்து எழுத யாரும் இல்லை. அந்த 43,000 பேரில் பலரும் யாரோ ஒருவருடைய தாத்தாக்கள்தான்.

நான் சொல்லாதது, சொல்வது

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மூன்றும் இருபதும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. எந்த இதய மருத்துவரும் அப்படிச் சொல்ல மாட்டார். இருபது பிடிக்கிறவரின் ஆபத்து அதிகம்தான், மேலே உள்ள எல்லா எண்களிலும் அது தெரிகிறது. நுரையீரல் புற்றுநோயில் குறைத்ததன் பலன் கிடைக்கவும் செய்யும். நான் சொல்வது இது: இதயத்தைப் பொறுத்தவரை, புகைக்காத நிலைக்கும் முதல் சிகரெட்டுக்கும் நடுவேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. கட்டுரையாளர் அந்தப் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு, கரையில் இருப்பதாக ஊருக்குச் சொல்கிறார்.

இதே உண்மைக்கு இன்னொரு முகமும் உண்டு, அவர் கட்டுரையில் சொல்ல மறந்தது அதுதான். மூன்றிலிருந்து பூஜ்யத்துக்கு வருகிறவருக்குக் கிடைக்கிற லாபம் மூன்று சிகரெட்டின் லாபம் அல்ல. ஆபத்தின் மிகப் பெரிய பங்கு அங்கேதான் கழிகிறது. தட்டணுக்களின் ஒட்டும் தன்மை சில வாரங்களுக்குள் தணிகிறது. கூடுதல் ஆபத்து முதல் ஓரிரு ஆண்டுகளில் வேகமாக இறங்குகிறது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள்கூட விட்டுவிட்டால், தொடர்ந்து பிடிக்கிறவர்களை விட அவர்களுடைய மரண ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. இவ்வளவு பலன் தரும் மாத்திரை எங்களிடம் அதிகம் இல்லை.

கட்டுரையாளரிடம் ஒரு கோரிக்கை. உங்கள் உடம்பு உங்கள் உரிமை. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ‘மூன்று பாதுகாப்பானது’ என்று நீங்கள் எழுதியது தகவல் பிழை. அதை நம்பி இன்று காலையும் ஒருவர் டீக்கடையில் பற்றவைத்திருப்பார். அந்த வரியை அதே இதழில் திரும்பப் பெறுங்கள்.

நாளைக்கு மூன்று பிடிக்கிற வாசகருக்கு: நான்காவதை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் நீங்கள். அந்த மூன்றும் உங்களை விட உங்கள் நேரத்தோடுதான் ஒட்டியிருக்கின்றன, டீயோடு, சாப்பாட்டோடு, படுக்கையோடு. அந்த மூன்று வேளைக்கும் வேறு ஏற்பாட்டை முடிவு செய்துகொண்டு, ஒரு தேதியைக் குறித்து, மூன்றையும் ஒரே நாளில் நிறுத்துங்கள். இரண்டு, ஒன்று என்று இறங்க வேண்டாம், அந்த ஒன்றில்தான் பாதி ஆபத்து இருக்கிறது. தனியாக முடியவில்லை என்றால், புகையிலையை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. இதயத்துக்குப் பாதுகாப்பான சிகரெட் எண்ணிக்கை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது பூஜ்யம்.